பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்கள்: டிஜிட்டல் பொருள் விற்பவர்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

ரவிக்கை வெட்டும் பேட்டர்ன்களைப் பிடிஎஃப் கோப்பாக விற்பவரை இந்த வழிமுறைக்கு எடுத்துக்கொள்கிறேன். விலை 900 ரூபாய். உள்நாட்டில் பெரும்பாலும் யுபிஐ வழியாகவும், கனடா, சிங்கப்பூர் போன்ற இடங்களிலிருந்து கார்டு வழியாகவும் பணம் வருகிறது. மின்னூல், வீடியோ வகுப்பு, எழுத்துரு, எக்செல் கோப்பு எதை விற்றாலும் அறிகுறிகள் ஏறக்குறைய இவையே.

எந்த அறிகுறியாக இருந்தாலும், பதில் எழுதுவதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: இந்தக் கணத்தில் பணம் எங்கே இருக்கிறது? வாங்கியவரிடமிருந்து பெயர், தொகை, நாள், யுபிஐ என்றால் 12 இலக்கக் குறிப்பு எண் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, உங்களுக்காகப் பணம் வசூலித்துத் தரும் பேமென்ட் கேட்வேயின் பக்கத்தில் தேடுங்கள். அனுப்பப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டை வைத்து முடிவெடுக்க வேண்டாம். அதைப் போலியாகச் செய்வது எளிது. உண்மையான ஸ்கிரீன்ஷாட்டும்கூட வாங்கியவரின் செயலியில் நடந்ததை மட்டுமே காட்டும், உங்கள் பக்கம் பணம் வந்ததைக் காட்டாது. இந்தத் தொழிலில் நான் பார்க்கும் நஷ்டங்களில் பெரும்பாலானவை ஒரே பணம் இரண்டு வழியாகத் திரும்பிப் போவதால் வருபவை. கீழே உள்ள எல்லா அறிவுரைகளுக்கும் அடியில் இருப்பது அந்த ஆபத்துதான்.

## அறிகுறி: “பணம் போய்விட்டது, கோப்பு வரவில்லை”

கேட்வே பக்கத்தில் அந்தப் பணம் `captured` என்று இருந்தால் உங்களுக்கு வந்துவிட்டது, கோப்புதான் சேரவில்லை. முதலில் மின்னஞ்சல் முகவரியைப் பாருங்கள். `gmail.con`, `gamil.com` போன்ற தட்டச்சுப் பிழைகள்தான் அடிக்கடி காரணமாகின்றன. முகவரியைத் திருத்தி இணைப்பை மறுபடி அனுப்புங்கள். முகவரி சரியாக இருந்தால் ஸ்பேம் பெட்டியைப் பார்க்கச் சொல்லிவிட்டு, அதே நேரத்தில் வாட்ஸ்அப்பிலும் இணைப்பை அனுப்பிவிடுங்கள். ஆர்டரில் பதிவான எண்ணுக்கு மட்டும் அனுப்புவது முக்கியம்.

`authorized` என்று இருந்தால் வங்கி பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறது, நீங்கள் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் பொருள் இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு கோப்பை அனுப்பலாம். வேண்டாம் என்றால் எடுக்காமல் விட்டுவிடுங்கள். கேட்வே வைத்திருக்கும் காலக்கெடு முடிந்ததும் அது தானாகத் திரும்பிவிடும்.

`failed` என்று இருந்தாலோ, தேடியும் எதுவும் கிடைக்காவிட்டாலோ, பணம் வங்கிகளுக்கு இடையில் எங்கோ நிற்கிறது. இங்கேதான் நல்ல மனம் கொண்ட விற்பனையாளர்கள் அவசரப்பட்டுச் சொந்தக் கணக்கிலிருந்து 900 ரூபாயை அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு நாளில் வங்கியும் தன் பங்குக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. அனுப்பாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, கடைக்காரருக்கு உறுதிச் செய்தி வராமல் வாடிக்கையாளர் கணக்கில் கழிந்த யுபிஐ தொகையும், இணையக் கார்டுத் தொகையும் பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: “உங்கள் பணம் எங்களிடம் வரவில்லை. இந்தக் குறிப்பு எண்ணுடன் உங்கள் வங்கியிலோ யுபிஐ செயலியிலோ புகார் பதிவு செய்யுங்கள். ஐந்து நாளில் திரும்பாவிட்டால் எனக்கு எழுதுங்கள், எங்கள் கேட்வேயிடம் நானும் கேட்கிறேன்.” கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கைகழுவுவதாக நினைக்கும் இடத்தில்தான் கோபம் பிறக்கிறது.

ஒரே ஆர்டருக்கு இரண்டு முறை `captured` என்று இருந்தால், அவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது. இரண்டாவது தொகையை அன்றே கேட்வே வழியாகத் திருப்பிவிட்டுத் தகவல் சொல்லுங்கள்.

## அறிகுறி: “அளவு சரியில்லை, பொருள் சொன்னபடி இல்லை”

இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். “ஒருமுறை விற்ற டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது” என்று விற்பனைப் பக்கத்தில் எழுதிவைத்திருப்பவர்கள் அந்த வரியையே பதிலாக அனுப்பிவிடுகிறார்கள். அந்த வரி இங்கே காப்பாற்றாது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருளோ சேவையோ குறையுடையதாகவோ விளம்பரப்படுத்தியபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்க முடியாது. கார்டு நிறுவனங்களின் விதியும் அதே பக்கம்தான் சாய்கிறது. ஆகவே, கேள்வி உங்கள் கொள்கை என்ன என்பதல்ல. பொருள் சொன்னபடி இருந்ததா இல்லையா என்பதே கேள்வி.

ஒரு நிகழ்வை முழுதாகப் பார்ப்போம். டொராண்டோவில் இருக்கும் ஒருவர் 36 அங்குல மார்பளவுப் பேட்டர்ன் வாங்குகிறார். வெட்டித் தைத்த பிறகு, இரண்டு அங்குலம் சிறியதாக இருக்கிறது, துணியும் வீணாகிவிட்டது, பணம் வேண்டும் என்று எழுதுகிறார். பேட்டர்னை வரைந்தவருக்கு அளவு சரி என்று உறுதியாகத் தெரியும். இருவர் சொல்வதும் உண்மை.

அவரிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கும் 5 சென்டிமீட்டர் சோதனைச் சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்து ஒரு படம் அனுப்ப முடியுமா? படத்தில் சதுரம் 4.7 சென்டிமீட்டர் இருக்கிறது. காரணம் அதிலேயே தெரிகிறது. கோப்பு ஏ4 தாளுக்கு அமைக்கப்பட்டது. அதன் உயரம் 297 மில்லிமீட்டர். கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு அச்சுப்பொறிகளில் இருப்பது லெட்டர் தாள். உயரம் ஏறக்குறைய 279 மில்லிமீட்டர். அச்சிடும் பெட்டியில் `Fit` தேர்வாகியிருந்தால், பக்கம் முழுவதும் 94 விழுக்காட்டுக்குச் சுருங்கும். 36 அங்குலம் 34க்குச் சற்றுக் குறைவாக வந்து நிற்கும். அவர் சொன்ன இரண்டு அங்குலம் அதுதான்.

பலரும் இந்த இடத்தில் “`Actual size` தேர்ந்தெடுத்து அச்சிடுங்கள்” என்று எழுதி முடித்துவிடுவார்கள். லெட்டர் தாளில் அப்படிச் செய்தால் அளவு சரியாக வரும், ஆனால் பக்கத்தின் உயரத்தில் 18 மில்லிமீட்டர் தாளுக்கு வெளியே போய்விடும். ஓரத்தில் போதிய இடைவெளி விடாத கோப்பில் பக்கங்களைச் சேர்த்து ஒட்டுவதற்கான குறிகள் வெட்டுப்படும், இரண்டாவது முறையும் துணி வீணாகும். சரியான தீர்வு லெட்டர் தாளுக்குத் தனியாகப் பக்கம் அமைத்த கோப்பை அனுப்புவது, அத்துடன் முதல் பக்கத்தை மட்டும் அச்சிட்டுச் சதுரத்தை அளந்த பிறகே மற்றவற்றை அச்சிடச் சொல்வது.

உள்நாட்டிலும் இதே அறிகுறி வேறு காரணத்தால் வரும். வாங்கியவர் கோப்பை வாட்ஸ்அப்பில் ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பியிருப்பார், கடையில் `Fit` என்றே அடித்திருப்பார்கள். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் படமாக அனுப்பியிருந்தால் அளவுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. சதுரத்தின் அளவு எல்லாவற்றையும் சொல்லிவிடும். சதுரம் சரியாக 5 சென்டிமீட்டர் இருந்தும் ரவிக்கை சிறியதாக வந்தால், குறை பேட்டர்னில் இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பணத்தைத் திருப்பிவிட்டு வரைபடத்தைச் சரிபாருங்கள்.

டொராண்டோக்காரருக்குப் பணம் தர வேண்டுமா? விற்பனைப் பக்கத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். “ஏ4 தாளில் மட்டும் அச்சிடவும்” என்று பணம் கட்டுவதற்கு முன்பே தெரியும்படி எழுதியிருந்தால், லெட்டர் கோப்பைக் கொடுத்துப் பிரச்சினையைத் தீர்ப்பது நியாயமான முதல் படி. அப்படி எழுதவில்லை என்றால் பொருள் அவருக்குப் பயன்படும் நிலையில் இல்லை. அவர் கேட்பது நியாயம். என் முடிவு இப்படி இருக்கும்:

“வணக்கம் மேடம். படம் அனுப்பியதற்கு நன்றி. உங்கள் தையலில் தவறில்லை. எங்கள் கோப்பு ஏ4 தாளுக்கானது, அதை விற்பனைப் பக்கத்தில் நாங்கள் சொல்லவில்லை. லெட்டர் தாளுக்கான கோப்பை இணைத்திருக்கிறேன். இதை வைத்துத் தைக்க விருப்பமா, அல்லது பணத்தைத் திருப்பிவிடட்டுமா? எதுவானாலும் இன்றே செய்துவிடுகிறேன்.”

முடிவை வாங்கியவர் கையில் கொடுப்பதில் நஷ்டம் சிறியது. வெளிநாட்டுக் கார்டுக்குக் கேட்வே கட்டணம் 3 விழுக்காடும் அதன் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் என்று உங்கள் ஒப்பந்தம் இருந்தால், 900 ரூபாயைத் திருப்பும்போது உங்கள் கையிலிருந்து போவது 31 ரூபாய் 86 காசு. பெரும்பாலான கேட்வேகள் அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவதில்லை. இதே கோரிக்கை வங்கிக்குப் போய்விட்டால் 900 ரூபாயும் பிடிக்கப்படும், கேட்வே தனியாகத் தகராறுக் கட்டணமும் வாங்கலாம். அந்தக் கட்டணம் பொருளின் விலையை மிஞ்சுவதும் உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் அது எவ்வளவு என்று இன்றே பார்த்துவையுங்கள், ஏனென்றால் எந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது என்ற கணக்கு அந்தத் தொகையிலிருந்துதான் தொடங்குகிறது.

## அறிகுறி: பதிவிறக்கிய உடனே பணத்தைக் கேட்கிறார்

எல்லாக் கோப்புகளையும் பத்து நிமிடத்தில் எடுத்துக்கொண்டு, காரணம் எதுவும் சொல்லாமல் பணம் கேட்பவர் இருக்கிறார். அவரை முதல் வரியிலேயே திருடர் என்று நடத்த வேண்டாம். தவறான அளவை வாங்கியிருக்கலாம், பிள்ளைகள் கைபேசியில் அழுத்தியிருக்கலாம். என்ன எதிர்பார்த்தார் என்று ஒருமுறை கேளுங்கள். முதல் தடவை என்றால் கொடுத்துவிடுவதே என் பழக்கம். அதே மின்னஞ்சலோ எண்ணோ மறுபடியும் அப்படிச் செய்தால், பணத்தைக் கொடுத்துவிட்டு இனி விற்க முடியாது என்று மரியாதையாக எழுதிவிடலாம்.

இதற்கான உண்மையான தடுப்பு விற்பனைக்கு முன்னால் இருக்கிறது. ஒரு மாதிரிப் பக்கத்தை இலவசமாகக் கொடுங்கள். திருப்பித் தரும் விதியை மூன்று வரியில் எழுதி, பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே, டிக் செய்தால்தான் நகரும்படி வையுங்கள். பக்கத்தின் அடியில் ஒரு இணைப்பாக ஒளிந்திருக்கும் விதியை, வாங்கியவர் ஏற்றுக்கொண்டார் என்று வங்கியிடம் பிறகு காட்டுவது கடினம்.

## அறிகுறி: “திருப்பி அனுப்பியதாகச் சொன்னீர்கள், வரவில்லை”

மறுபடி அனுப்பாதீர்கள். கார்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் பணம் போய்ச் சேர ஐந்து முதல் பத்து வேலை நாட்கள் வரை ஆகலாம். கேட்வே பக்கத்தில் அந்த ரீஃபண்டைத் திறந்தால், கார்டு என்றால் `ARN` என்ற எண்ணும், யுபிஐ என்றால் `RRN` என்ற எண்ணும் இருக்கும். அதை வாங்கியவருக்கு அனுப்பி, அவருடைய வங்கியில் அந்த எண்ணைச் சொல்லித் தேடச் சொல்லுங்கள். “அனுப்பிவிட்டோம், காத்திருங்கள்” என்பதைவிட அந்த எண் பல மடங்கு நம்பிக்கை தரும்.

பணம் கட்டிய அன்றே திருப்பியிருந்தால் இன்னொரு குழப்பம் வரும். சில வங்கிகளில் அது தனி வரவாகத் தெரியாது. பழைய பற்று வரியே கார்டு அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். வரவைத் தேடுபவரிடம் பற்று இன்னும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: “வேறு எண்ணுக்கு அனுப்புங்கள்”

“அந்தக் கார்டு இப்போது இல்லை, தம்பியின் ஜிபேவுக்கு அனுப்பிவிடுங்கள்.” இதற்கு ஒரே பதில் முடியாது என்பதுதான், எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும். கேட்வேக்கு வெளியே நீங்கள் அனுப்பும் பணத்துக்கும் அந்த ஆர்டருக்கும் எந்தப் பதிவுத் தொடர்பும் இருக்காது. பிறகு கார்டு உரிமையாளர் வங்கியில் முறையிட்டால், வங்கியின் கண்ணில் நீங்கள் ஒரு பைசாவும் திருப்பவில்லை. திருட்டுக் கார்டில் வாங்கிவிட்டுப் பணத்தை வேறு கணக்குக்குக் கறப்பவர்கள் இந்த வழியைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழைய கார்டு மூடப்பட்டிருந்தாலும் வந்த வழியிலேயே அனுப்புங்கள்; அதைக் கொடுத்த வங்கி தன் வாடிக்கையாளரிடம் சேர்க்க வேண்டும், முடியாவிட்டால் திருப்பி அனுப்பும்.

## அறிகுறி: கேட்வேயிலிருந்து சார்ஜ்பேக் மின்னஞ்சல்

வாங்கியவர் உங்களைத் தாண்டித் தன் வங்கியிடமே பணத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார், அதுதான் சார்ஜ்பேக். தொகை உங்கள் கணக்கில் பிடிக்கப்பட்டுவிட்டது, அல்லது பிடிக்கப்படப் போகிறது. இனி ரீஃபண்ட் பொத்தானையோ கைபேசியையோ தொடாதீர்கள். பணம் இப்போது வங்கி வழியில் இருக்கிறது. நீங்களும் அனுப்பினால் 900 ரூபாய் 1,800 ஆகிவிடும். அவர் கேட்பது நியாயம் என்று தெரிந்தால், கேட்வே பக்கத்தில் சார்ஜ்பேக்கை ஏற்றுக்கொள்ளுங்கள். அதுவே பணம் திரும்பும் வழி.

போராட நினைத்தால் முதலில் காரணக் குறியீட்டைப் படியுங்கள், பிறகு கடைசித் தேதியை. விசா கார்டில் 13.1 என்றால் பொருள் வரவில்லை என்கிறார். 13.3 என்றால் சொன்னபடி இல்லை என்கிறார். 13.6 என்றால் ரீஃபண்ட் வாக்களித்தும் வரவில்லை என்கிறார். 10.4 என்றால் இதை நான் வாங்கவே இல்லை என்கிறார். குறியீடு கேட்கும் கேள்விக்கு மட்டும் பதில் அனுப்ப வேண்டும். 13.6 வந்திருக்கும்போது பதிவிறக்கப் பதிவை அனுப்புவது வீண்; அங்கே `ARN` எண் ஒன்றே போதும். 13.3க்கு விற்பனைப் பக்கத்தின் படமும், நீங்கள் தீர்வு தர முயன்ற உரையாடலும் வேண்டும். அதனால்தான் உரையாடல்களை அழிக்கக் கூடாது.

13.1க்கு ஆதாரம் இப்படி இருந்தால் போதும்:

```
order: PTN-2417
captured:   2025-03-04 09:12 IST
mail_sent:  2025-03-04 09:13 IST
download_1: 2025-03-04 09:31 IST  ip 203.0.113.24
download_2: 2025-03-06 20:05 IST  ip 203.0.113.24
```

இந்த ஆர்டர் டொராண்டோவிலிருந்து வந்தது என்றால், அவருடைய ஊரில் அது மார்ச் 3, இரவு 10.42. அவர் அறிக்கையில் மார்ச் 3 என்றும் உங்கள் பதிவில் மார்ச் 4 என்றும் இருப்பதைப் பார்த்து வங்கியில் படிப்பவர் இவை இரண்டு வேறு ஆர்டர்கள் என்று நினைக்கலாம். நேர வேறுபாட்டை ஒரே வரியில் விளக்கிவிடுங்கள். மொத்தம் இரண்டு பக்கத்துக்குள் எளிய ஆங்கிலத்தில் இருக்கட்டும். பல கேட்வேகளில் ஒருமுறைதான் அனுப்ப முடியும், ஆகவே எல்லாவற்றையும் சேர்த்த பிறகே அனுப்புங்கள். முடிவு வர இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம்.

10.4இல் நிலைமை கடினம். இந்தியக் கார்டுகளில் ஓடிபி கேட்கப்படுவதால் மோசடிப் பொறுப்பு பொதுவாகக் கார்டு கொடுத்த வங்கியிடம் போய்விடுகிறது. ஓடிபி இல்லாமல் நடந்த வெளிநாட்டுக் கார்டு விற்பனையில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பழைய வாடிக்கையாளர் என்றால் மட்டும் ஒரு வழி இருக்கிறது: 2023 ஏப்ரலில் விசா கொண்டுவந்த விதிப்படி, அதே கார்டில் 120 முதல் 365 நாட்களுக்கு முன் தகராறில்லாமல் நடந்த இரண்டு விற்பனைகளைக் காட்டி, ஐபி முகவரியும் கணக்குப் பெயரும் போன்ற இரண்டு விவரங்கள் இப்போதைய விற்பனையுடன் பொருந்துவதை நிரூபித்தால் பொறுப்பு உங்களிடமிருந்து விலகும். புதியவர் என்றால் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிடுவதே மிச்சம்.

10.4க்கு இன்னொரு எளிய காரணமும் உண்டு. கார்டு அறிக்கையில் கடையின் பெயருக்குப் பதில் உரிமையாளரின் பெயரோ புரியாத சுருக்கமோ வந்திருக்கும்; வாங்கியவருக்கோ அவர் கணவருக்கோ அது என்னவென்று தெரிந்திருக்காது. கேட்வே அமைப்பில் அந்தப் பெயரைக் கடையின் பெயராக மாற்றுங்கள். தவறாக முறையிட்டுவிட்டேன் என்று அவரே சொன்னால், வங்கியிடம் எழுத்தில் திரும்பப் பெறச் சொல்லி அந்தக் கடிதத்தை வாங்கி, உங்கள் ஆதாரத்துடன் சேர்த்து அனுப்புங்கள். அவர் வாயால் சொன்னதை நம்பிக் கெடுவைத் தவறவிட்டால் சார்ஜ்பேக் அவர் பக்கமே முடிந்துவிடும்.

## அறிகுறி: “பணம் தராவிட்டால் ஒரு நட்சத்திரம் போடுவேன்”

மிரட்டலை ஒதுக்கிவைத்துவிட்டுக் கோரிக்கையை மட்டும் படியுங்கள். மேலே உள்ள அறிகுறிகளில் எதனுடன் பொருந்துகிறதோ அதற்கான முடிவையே எடுங்கள். மிரட்டியதால் கூடுதலாகவும் கொடுக்க வேண்டாம், கோபத்தில் குறைக்கவும் வேண்டாம். பணம் கொடுக்கும்போது விமர்சனத்தை நீக்கச் சொல்லி நிபந்தனை போடாதீர்கள். எதிர்மறை விமர்சனத்தை நீக்க எதையாவது ஈடாகத் தருவதைக் கூகுள் தன் கொள்கையில் தடை செய்திருக்கிறது. அந்த உரையாடலின் படம் வெளியே வந்தால் அந்த ஒரு நட்சத்திரத்தைவிட அதிகம் சேதமாகும்.

விமர்சனம் வந்துவிட்டால் பதில் நான்கு வரிக்குள் இருக்கட்டும். ஆர்டர் எண், தொலைபேசி எண், அவர் என்ன வாங்கினார் என்பது எதையும் பொதுவில் எழுதக் கூடாது. “கோப்பு ஏ4 தாளுக்கு மட்டும் இருந்ததால் அளவு மாறியிருந்தது. இப்போது லெட்டர் தாளுக்கும் சேர்த்திருக்கிறோம். இதே சிக்கல் உள்ளவர்கள் ஆர்டர் மின்னஞ்சலுக்குப் பதில் அனுப்பினால் புதிய கோப்போ பணமோ கிடைக்கும்.” இந்தப் பதிலைப் படிக்கப் போகிறவர் அடுத்து வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர். அவருக்குத் தெரிய வேண்டியது தவறு சரியானதா, தனக்கு நேர்ந்தால் யாரிடம் கேட்பது என்பவை மட்டுமே.

## பணம் திரும்பிய பிறகு

பதிவிறக்க இணைப்பை முடக்குங்கள். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் அந்த விற்பனைக்குக் கிரெடிட் நோட் போட வேண்டும். அந்த நிதியாண்டு முடிந்த பின் வரும் நவம்பர் 30க்குள் அதைக் கணக்கில் காட்டாவிட்டால், திரும்பிப் போன விற்பனைக்கான வரி உங்கள் தலையில் நிற்கும். ரீஃபண்டுக்கான காரணத்தை ஒரு சொல்லில் ஆர்டர் பட்டியலில் குறித்துவையுங்கள்: தாள், மின்னஞ்சல், தவறான அளவு, இரட்டைக் கட்டணம். “தாள்” என்று மூன்றாவது முறை எழுத நேர்ந்தால், நான்காவது கோரிக்கைக்குக் காத்திராமல் விற்பனைப் பக்கத்தைத் திருத்துங்கள்.